துருவம் சொன்னது 73 சதவீதம், ஸ்கோப் காட்டுவது 19: ஆர்எல்சி சுற்றில் எங்கே தப்பு?

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆய்வகத்தில் ஒரு சாதாரண சுற்று போட்டேன்: 20 ஓம் மின்தடை, 10 மில்லி ஹென்றி காயில், 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், மூன்றும் தொடராக. அவுட்புட் கெபாசிட்டரின் குறுக்கே. நோட்டில் எழுதியது இது:

```
H(s) = (1/LC) / (s^2 + (R/L)s + 1/LC)
     = 10^8 / (s^2 + 2000s + 10^8)
s = -1000 ± j9950
```

கற்பனைப் பகுதி 9950, அதை 2π-யால் வகுத்தால் 1584 ஹெர்ட்ஸ். மெய்ப் பகுதி 1000, அதாவது 1 மில்லி செகண்டில் அலை 37 சதவீதமாகச் சுருங்கும். 5 மில்லி செகண்ட் வரை ஏழெட்டு தடவை ஆடி அடங்கும். முதல் மேடு 73 சதவீதம் தாண்ட வேண்டும், அதாவது 1 வோல்ட் ஸ்டெப் கொடுத்தால் 1.73 வரை.

ஸ்கோப்பில் 1.19 வோல்ட்தான் வருகிறது. ஒரு மேடு, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்திருக்கிறேன், அதனால் அடங்க நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. அவுட்புட்டை மின்தடைக்கு மாற்றினாலும் கீழே உள்ள கோவை மாறவில்லை. அப்படியானால் ஜீரோ என்ன வேலை செய்கிறது?

டயோடு_தாசன்:

கணக்கு சரிதான் தம்பி. மெய்ப் பகுதி மைனஸில் இருந்தால் அடங்கும், கற்பனைப் பகுதி இருந்தால் ஆடும். உங்கள் பாகங்களின் அளவு மாறியிருக்கும். கெபாசிட்டரில் 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம்.

ஜீரோ விஷயம் ரொம்ப எளிது. ஜீரோ இருக்கும் இடத்தில் அவுட்புட் செத்துவிடும். கெபாசிட்டரில் எடுத்தால் ஜீரோவே இல்லை, அதனால் ஆட்டம் வருகிறது. மின்தடையில் எடுத்தால் ஒரு ஜீரோ வந்து ஆட்டத்தை அடக்கிவிடும்.

பழைய_ஸ்கோப்:

தாசன், முதல் பத்தி சரி. ஆனால் 20 சதவீதப் பிசகால் 73 எப்படி 19 ஆகும்? கெபாசிட்டர் இரண்டு மடங்கானால்கூட மேடு 64 சதவீதத்துக்குக் கீழே போகாது. ஜீரோ பற்றிச் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தம்பி, உங்கள் நோட்டில் இல்லாத இரண்டு எண்களைச் சொல்லுங்கள். ஸ்டெப் எதிலிருந்து வருகிறது, அதன் முகப்பில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது? காயிலை மட்டும் தனியே கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் எத்தனை ஓம்?

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

ஃபங்ஷன் ஜெனரேட்டர், மேடம். அவுட்புட் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே 50 ஓம் என்று எழுதியிருக்கிறது. காயில் 15 ஓம் காட்டுகிறது. இரண்டையும் கணக்கில் சேர்க்கவே இல்லை... அதுதானா?

பழைய_ஸ்கோப்:

பெரும்பகுதி அதுதான். மின்னோட்டத்துக்கு நீங்கள் வாங்கி வைத்த 20 ஓமும் ஜெனரேட்டருக்குள் ஒளிந்திருக்கும் 50 ஓமும் ஒன்றுதான். தொடர் சுற்றில் எல்லாம் கூடி 85 ஓம். இப்போது s-இன் கெழு 2000 இல்லை, 8500.

துருவங்கள் -4250 ± j9052. (ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘போல்’ என்று தமிழில் எழுதினால் எது போல் என்று படிப்பவர் தேடுவார், அதனால் துருவம் என்றே எழுதுகிறேன்.) இந்த இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். ஆட்டத்தின் வேகம் 9950-லிருந்து 9052-க்கு வந்திருக்கிறது, பெரிய மாற்றமில்லை. அடங்கும் வேகம் நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

காரணம் தாளில் வரைந்தால் தெரியும். மூலப்புள்ளியிலிருந்து துருவம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 1000-க்கும் 9950-க்கும் கர்ணம் 10,000. 4250-க்கும் 9052-க்கும் அதே 10,000. எல்லும் சியும் மாறாதவரை அந்தத் தூரம் மாறாது. மின்தடை ஏற ஏற துருவம் 10,000 ஆரமுள்ள ஒரு வட்டத்தின் மேலேயே சறுக்கி மெய் அச்சை நோக்கி வரும். 200 ஓமில் இரண்டு துருவமும் அச்சில் மோதிக்கொள்ளும், அதற்கு மேல் ஆட்டமே கிடையாது. மேடு எவ்வளவு தாண்டும் என்பது அந்த வட்டத்தில் துருவம் நிற்கும் கோணத்தை மட்டும் பொறுத்தது:

```
மேடு = exp(-π * 4250 / 9052) = 0.23
```

73 வர வேண்டிய இடத்தில் 23 வரும். அடுத்த பள்ளம் அதே விகிதத்தில் சுருங்கும்: 0.23-இல் 0.23, அதாவது 5 சதவீதம். உங்கள் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அதுதான்.

ஆனால் நீங்கள் பார்த்தது 19. மீதி 4 சதவீதத்தை நான் இன்னும் விடவில்லை.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

நன்றி மேடம். இரண்டு வரியில் சரிபார்த்தேன், நீங்கள் சொன்னதேதான் வந்தது. யாருக்காவது உதவும்:

```python
import numpy as np
L, C = 10e-3, 1e-6
for R in (20, 85, 200):
    print(R, np.roots([1, R/L, 1/(L*C)]))
```

200 ஓம் போட்டால் இரண்டும் -10000 பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன.

பட்டறை_மின்னல்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் சப்ளை போர்டு ரிப்பேர் பண்ணுகிறவன், பட்டம் கிட்டம் இல்லை. மேடம் இப்போது சொன்னதைப் படித்ததும் போன மாசம் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு ஸ்டெப்-டவுன் போர்டில் அவுட்புட் கெபாசிட்டர் 470 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக், உப்பிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு செராமிக் 22 மைக்ரோ இரண்டு வைத்தேன். உள்மின்தடை கம்மி, நல்ல சாமான் என்று நினைத்துத்தான். அவுட்புட் 5 வோல்ட்டில் ஒரு சைன் அலை ஏறி நின்று ஆடுகிறது, காயில் கீச்சென்று கத்துகிறது. பழையபடி எலக்ட்ரோலிட்டிக் வைத்ததும் சத்தம் நின்றது. மின்தடை குறைந்தால் ஆட்டம் கூடும் என்பது இதுதானா?

டயோடு_தாசன்:

அதேதான் அண்ணே. உள்மின்தடை குறைந்ததும் துருவம் கற்பனை அச்சுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

பழைய_ஸ்கோப்:

அதுவும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முக்கியமான காரணம் துருவம் இல்லை, ஜீரோ. நல்ல நேரத்தில் கேட்டீர்கள்.

கெபாசிட்டரோடு அதன் உள்மின்தடையும் தொடராக நிற்கிறது. அவுட்புட் எடுப்பது இரண்டுக்கும் குறுக்கே. அப்படியானால் மேலே உள்ள கோவையில் 1 + s·r·C என்று ஒரு உறுப்பு வந்து உட்காரும். எலக்ட்ரோலிட்டிக்குக்கு உள்மின்தடை 0.1 ஓம் என்று வைத்தால் 470 மைக்ரோவோடு அந்த ஜீரோ சுமார் 3.4 கிலோ ஹெர்ட்ஸில் விழும். எல்சி-யின் இரண்டு துருவங்களும் சேர்ந்து அலையை 180 டிகிரி வரை பின்னுக்கு இழுக்கின்றன. இந்த ஜீரோ 90 டிகிரி வரை திருப்பிக் கொடுக்கிறது. போர்டை வடிவமைத்தவர் பின்னூட்டத்தைச் சரிசெய்தபோது அந்த 90 டிகிரியை நம்பியிருப்பார். செராமிக்கில் உள்மின்தடை சில மில்லி ஓம்தான். 44 மைக்ரோவுக்கு 5 மில்லி ஓம் என்றால் ஜீரோ 700 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடும். கன்ட்ரோலர் பார்க்கும் அதிர்வெண்ணில் அது இல்லாததற்குச் சமம்.

கெபாசிட்டன்ஸையும் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டீர்கள், அதனால் எல்சி துருவமே மூன்று மடங்கு மேலே போய்விட்டது. எது எவ்வளவு பங்கு என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியதுதான் சிக்கல்.

பட்டறை_மின்னல்:

செராமிக்கோடு 0.1 ஓம் தொடராக வைத்தால் ஜீரோ திரும்பி வருமா?

சோற்றுப்பானை:

வரும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. 44 மைக்ரோவோடு 0.1 ஓம் என்றால் 36 கிலோ ஹெர்ட்ஸ். அதோடு ரிப்பிள் மின்னோட்டம் அந்த 0.1 ஓமில் நேராக மின்னழுத்தமாகத் தெரியும். அதற்கு எலக்ட்ரோலிட்டிக்கே தேவலாம்.

பட்டறை_மின்னல்:

எலக்ட்ரோலிட்டிக் நாலு வருடத்தில் மறுபடி உப்பும். வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார்.

டயோடு_தாசன்:

மேடம், ஜீரோ பற்றி நான் சொன்னதில் எது தப்பு? புத்தகத்திலேயே ஜீரோ என்றால் H(s) பூஜ்யம் ஆகும் இடம் என்றுதானே இருக்கிறது.

பழைய_ஸ்கோப்:

பூஜ்யம் ஆவது சரி. ஆட்டத்தை அடக்கும் என்றதுதான் தப்பு. ஆடும் வேகமும் அடங்கும் வேகமும் துருவத்தின் சொத்து. சுற்றில் எந்த இடத்தில் தொட்டுப் பார்த்தாலும் அதே -4250, அதே 9052. எந்த இடத்தில் ப்ரோப் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுவது ஜீரோ. அந்த ஆட்டம் எவ்வளவு பெரிதாக, எந்த முகத்தோடு வெளியே தெரியும் என்று அது தீர்மானிக்கிறது. (துருவத்தின் மேலேயே ஜீரோ வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த ஆட்டம் வெளியே தெரியாமல் போகும். இங்கே அப்படி இல்லை.)

தம்பியின் சுற்றையே எடுங்கள். 20 ஓமின் குறுக்கே எடுத்தால் மேலே வெறும் s மட்டும், ஜீரோ மூலப்புள்ளியில். s பூஜ்யம் என்றால் மாறாத மின்னழுத்தம், அதனால் கடைசியில் அவுட்புட் பூஜ்யத்தில் வந்து படுக்கும். ஆனால் வழியில் 0.12 வோல்ட் வரை எழுந்து, பூஜ்யத்துக்குக் கீழேயும் போய்விட்டுத்தான் படுக்கும். ஆட்டம் எங்கும் போகவில்லை.

இப்போது இன்னொன்று. வரிசையை ஜெனரேட்டர், 20 ஓம், காயில், கெபாசிட்டர், தரை என்று வைத்து, 20 ஓமும் காயிலும் சேரும் முனையில் ப்ரோப் வையுங்கள். காயில் சுத்தமானது என்று ஒரு நிமிடம் நம்பினால்:

```
H(s) = (s^2 + 10^8) / (s^2 + 7000s + 10^8)
```

ஜீரோக்கள் ±j10000, கற்பனை அச்சின் மேலேயே. 1592 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்தால் அவுட்புட் செத்துவிடும், தாசன் சொன்ன மாதிரியே. ஆனால் ஸ்டெப் கொடுத்தால் சாகாது. தொடக்கத்தில் காயில் தடுப்பதால் 1 வோல்ட், முடிவில் கெபாசிட்டர் நிரம்பியதால் 1 வோல்ட், நடுவில் ஒரு பள்ளம். ஜீரோ கொல்வது அந்த ஒரு அதிர்வெண்ணில் நிலைத்து ஓடும் அலையை மட்டும்.

நிஜக் காயிலில் 15 ஓம் இருக்கிறதே, அதைச் சேர்த்தால் மேலே s² + 1500s + 10^8. ஜீரோக்கள் இடது பக்கம் நகர்ந்து -750 ± j9972-க்குப் போய்விடும், கீழே பழையபடி 8500. அச்சின் மேல் இல்லாத ஜீரோவை எந்தச் சைன் அலையாலும் தொட முடியாது, அதனால் 1592 ஹெர்ட்ஸில்கூட 15/85 பங்கு மிஞ்சும், 0.18 வோல்ட்.

தம்பி, இதைப் போட்டுப் பாருங்கள். அந்த 4 சதவீதம் எங்கே போயிற்று என்பது இந்த மிச்சத்தில் தெரியும். உங்களுக்கு முன்னால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, காயில் 10 மில்லி ஹென்றி இல்லை, 8.3 பக்கம். அப்படியென்றால் மேடு 19-க்கு வரும், ஆனால் சைன் அலை மிகச் சிறிதாகும் அந்தக் குழியின் அதிர்வெண் 1750 பக்கம் ஏறியிருக்கும். இரண்டு, நமக்குத் தெரியாமல் இன்னும் 8 ஓம் போல எங்கோ இருக்கிறது. அப்படியென்றால் அதிர்வெண் 1592-இலேயே நிற்கும். அந்த 8 ஓம் காயில் பக்கம் இருந்தால் குழியின் ஆழம் குறையும்.

சோற்றுப்பானை:

குழி தேடாமலே, மேடு எத்தனை மைக்ரோ செகண்டில் வருகிறது என்று பார்த்தால் போதாதா? காயில் குறைவு என்றால் 324, மின்தடை அதிகம் என்றால் 355.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

பார்த்தேன். 350 மாதிரி இருக்கிறது. மேடு தட்டையாக இருப்பதால் உச்சி எது என்று கர்சர் வைக்கவே சிரமம். நாளை ஆய்வகம் இருக்கிறது, குழி தேடிவிட்டு வருகிறேன்.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

செய்துவிட்டேன். ஜெனரேட்டர் திரையில் லோட் அமைப்பு 50 ஓமில் இருந்தது, முதலில் எல்லாம் இரட்டிப்பாக வந்து பயந்துபோனேன். ஹை-இசட்டுக்கு மாற்றியதும் சரியானது. சுற்றைக் கழற்றிவிட்டு 1 வோல்ட் உறுதி செய்துகொண்டேன்.

குழி 1600 ஹெர்ட்ஸ் பக்கத்தில். மிச்சம் 0.18 இல்லை, 0.25 வோல்ட். 20 ஓமுக்கு முன்னால் ஜெனரேட்டர் முனையையும் பார்த்தேன், அங்கே 0.46.

பழைய_ஸ்கோப்:

அருமை. அதிர்வெண் அசையவில்லை, அதனால் எல்லும் சியும் நிரபராதிகள். 0.25 என்றால் கிளையில் இருக்கும் மின்தடை r-க்கு r/(r+70) = 0.25, r சுமார் 23 ஓம். மல்டிமீட்டர் சொன்னதைவிட 8 ஓம் கூட. மொத்தம் 93, துருவத்தில் அதைப் போட்டால் மேடு 19. இரண்டு அளவும் ஒரே ஆளைக் காட்டுகின்றன.

மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கு. 1600 ஹெர்ட்ஸில் காயிலின் கோரில் ஆகும் இழப்பும் மின்தடையாகத்தான் வெளியே தெரியும். கோர் ஃபெரைட்டா, இரும்புத் தகடா?

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

மேலே டேப் சுற்றியிருக்கிறது, தெரியவில்லை. ஆய்வக அண்ணா பிரிக்கக் கூடாது என்கிறார்.

சோற்றுப்பானை:

எல்லாவற்றையும் காயில் தலையில் கட்ட வேண்டாம். கெபாசிட்டர் செராமிக்கா? அந்த அதிர்வெண்ணில் 1 மைக்ரோவின் மறிப்பு 100 ஓம். செராமிக்கின் இழப்பு 2.5 சதவீதம் என்றால் அதுவே 2.5 ஓம். காயிலும் கெபாசிட்டரும் ஒரே கிளையில் இருப்பதால் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது.

டயோடு_தாசன்:

பிரெட்போர்டு கிளிப்புகளையும் யாரும் பேசவில்லை. தேய்ந்த போர்டில் ஒரு கிளிப்புக்கு ஒரு ஓம் நானே பார்த்திருக்கிறேன்.

பழைய_ஸ்கோப்:

தாசன், அதை ஒத்துக்கொள்கிறேன். சோற்றுப்பானை சொன்னதைப் பிரிக்க வழி இருக்கிறது: கெபாசிட்டரை மட்டும் 1 மைக்ரோ பாலியஸ்டருக்கு மாற்றுங்கள். இந்த அதிர்வெண்ணில் அதன் இழப்பு அரை ஓம் பக்கம்தான் வரும்.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

பாலியஸ்டர் வைத்தேன். 0.25 இப்போது 0.23. r 21 ஓம் வருகிறது. கிளிப்புகளைத் தாண்டி காயில் காலை நேராகக் கெபாசிட்டர் காலோடு முறுக்கியும் பார்த்தேன், ஸ்கோப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

சோற்றுப்பானை:

அப்போ 2 ஓம் கெபாசிட்டர் கணக்கு. மீதி 6?

பழைய_ஸ்கோப்:

காயில்தான் என்று என் கை சொல்கிறது. ஜெனரேட்டர் அளவைப் பாதியாக்கி மறுபடி குழியைப் பாருங்கள். மிச்சத்தின் விகிதம் மாறினால் கோர்தான், கம்பி மட்டும் என்றால் விகிதம் அப்படியே இருக்கும். மாறாவிட்டால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:

அடுத்த ஆய்வகம் செவ்வாய்க்கிழமை, மேடம். ரெக்கார்டில் இப்போதைக்கு 20 ஓம் கணக்கை அடித்துவிட்டு 93 எழுதியிருக்கிறேன். சார் ஏன் என்று கேட்டால் இந்தக் குழிப் படத்தைக் காட்டப்போகிறேன்.

பட்டறை_மின்னல்:

செவ்வாய் வரை நானும் காத்திருக்கிறேன். இந்த இடைவெளியில் அந்த போர்டில் 470 மைக்ரோவும் ஒரு சின்ன செராமிக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தல் இல்லை. ஏன் என்று தெரியாது, ஆனால் கத்தல் இல்லை.